மனச்சிதைவில் கவனமும் நினைவும்: தெரபிஸ்ட்டுகளுக்கான அறிதிறன் பயிற்சி வழிகாட்டி

"குரல் கேக்கிறது நின்னுடுச்சு, நல்லா தூங்குறான். ஆனா கடைக்குப் போய் மூணு சாமான் வாங்கிட்டு வான்னா ரெண்டோட வந்து நிக்கிறான் மேடம்." மனச்சிதைவு உள்ளவர்களின் அம்மாக்கள் இப்படிச் சொல்லும் கட்டத்தில்தான் மனநல மருத்துவர்கள் நம்மிடம் அனுப்புகிறார்கள். மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. குரல்களையும் சந்தேகங்களையும் அடக்கும் மருந்துகள் கவனத்தையும் நினைவையும் பெரிதாக மீட்டுத் தருவதில்லை. அங்கேதான் காக்னிட்டிவ் ரெமெடியேஷன் வருகிறது. இங்கே அதை அறிதிறன் பயிற்சி என்றே எழுதுகிறேன்.

மனச்சிதைவில் அறிதிறன் பல இடங்களில் பாதிக்கப்படும். வேகம், கவனம், வேலை செய்யும்போது மனதில் பிடித்துவைக்கும் நினைவு, கேட்டதைக் கற்பது, பார்த்ததைக் கற்பது, திட்டமிடுவது, அடுத்தவர் முகக்குறிப்பைப் புரிந்துகொள்வது என்று ஏழாகப் பிரிப்பது வழக்கம். இந்த வழிகாட்டி கவனத்தையும் கேட்ட நினைவையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது. கணினி தேவையில்லை, தாள், பென்சில், கடிகாரம், ஒரு மேசை போதும்.

தொடங்கும் முன் ஆராய்ச்சி சொல்லும் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் வீட்டா என்ற ஆய்வாளரின் குழுவினர் 130 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். அவற்றில் ஏறக்குறைய 8,800 பேர் பங்கேற்றிருந்தார்கள். அறிதிறனிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அளவு சிறியதிலிருந்து நடுத்தரம்தான். தேர்ந்த தெரபிஸ்ட் கூடவே இருந்து நடத்தியபோதும், உத்திகளை முறையாகக் கற்றுக்கொடுத்தபோதும், வேலைப் பயிற்சி போன்ற மறுவாழ்வுத் திட்டத்தோடு சேர்த்தபோதும் பலன் கூடியது. ஆளைத் தாளின் முன் உட்காரவைத்துவிட்டு நாம் அடுத்த அறையில் கேஸ் ஷீட் எழுதினால், பெரும்பாலும் அந்தத் தாளில்தான் தேர்ச்சி வரும்.

எடுத்துக்காட்டாக ஒருவர்

இனி வரும் படிகளை ஒரே ஆளை வைத்து விளக்குகிறேன். இவர் ஒரு தனி நபர் அல்ல. இந்த வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தன்மைகளைச் சேர்த்து உருவாக்கியவர். எண்களும் விளக்கத்துக்காக வைத்தவை.

வயது 28. பிளஸ் டூ முடித்தவர். நோய் தொடங்கி ஆறு வருடம். தாய்மாமாவுக்குச் சொந்தமாக மளிகைக் கடை. "கடைக்கு வரட்டும், நான் பாத்துக்கிறேன்" என்று மாமா சொல்லி இரண்டு முறை போயிருக்கிறார். கஸ்டமர் நான்கு சாமான் சொன்னால் இரண்டை எடுத்து வைத்துவிட்டு நிற்பார். மாமா கத்துவார், இவர் வீட்டுக்கு வந்துவிடுவார். இப்போது ரிஸ்பெரிடோனும், கை நடுக்கத்துக்காக டிரைஹெக்ஸிபெனிடிலும் எடுத்துக்கொள்கிறார். நாம் பேசிடேன் என்று கேள்விப்படுகிற மாத்திரை அதுதான்.

படி 1: பயிற்சிக்கு முன் மூன்று விசாரணைகள்

முதலாவது மருந்து. டிரைஹெக்ஸிபெனிடில் போன்ற மாத்திரைகள் நினைவை மங்கச் செய்யும். இவ்வகை மருந்துச் சுமை கூடினால் அறிதிறன் பயிற்சியில் கிடைக்கும் பலன் குறைகிறது என்று 2009-இல் வினோகிரடோவ் குழுவினர் காட்டினார்கள். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு அதிகாரமில்லை. ஆனால் மருத்துவருக்கு ஒரு வரி எழுதலாம்: "அறிதிறன் பயிற்சி தொடங்குகிறோம், நடுக்கம் இப்போது இல்லை, டிரைஹெக்ஸிபெனிடில் தொடர வேண்டுமா என்று பார்த்துச் சொல்லவும்." பல வருடத்துக்கு முன் எழுதிய மருந்து யாரும் திரும்பிப் பார்க்காமலே தொடர்வது நம் ஊரில் சாதாரணம். தூக்க மாத்திரையையும் இதே கண்ணோடு பாருங்கள். நோயாளியோ வீட்டாரோ தாங்களாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கண்ணும் காதும். மூக்குக் கண்ணாடி உடைந்து ஒரு வருடம் ஆகியிருக்கும், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுத்தைத் தவறவிடுவது கவனக் குறைவா, பார்வைக் குறைவா என்று தெரியாமல் பயிற்சி தொடங்கினால் மூன்று மாதமும் வீண்.

மூன்றாவது அவருடைய விருப்பம். அம்மாவின் விருப்பத்தையும் மாமாவின் விருப்பத்தையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கேட்டபோது, "கஸ்டமர் முன்னாடி மாமா திட்டக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். இலக்கு அதுதான். "நினைவுத்திறனை மேம்படுத்துதல்" என்று ஃபைலில் எழுதினால் அவருக்கு அதில் ஒன்றுமில்லை. "நாலு சாமானை மறக்காமல் எடுத்துக் கொடுப்பது" என்று எழுதினால் ஒவ்வொரு தாளையும் அதோடு கோத்துக் காட்டலாம்.

நோயின் தீவிரம் தணியாதவர், குடியை விடாதவர், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர் ஆகியோருக்கு முதலில் அதற்கான சிகிச்சை. லேசாகக் குரல் கேட்கிறது என்பது மட்டும் தடை இல்லை. அரை மணி நேரம் உட்கார முடிந்தால் தொடங்கலாம்.

படி 2: எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது

முழு நரம்புளவியல் சோதனை செய்ய ஆளும் வசதியும் இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் கீழுள்ள மூன்றும் பயிற்சியைத் திட்டமிடப் போதுமானவை. நோயறிதலுக்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

கவனத்துக்கு எழுத்து அடிக்கும் தாள். ஒரு வரியில் 20 எழுத்து, 15 வரி, ஆக மொத்தம் 300. ஒவ்வொரு வரியிலும் நான்கு 'ன', மொத்தம் 60. மற்ற இடங்களில் ண, ள, ந, ற போல வடிவத்தில் நெருங்கிய எழுத்துகள். "எல்லா னாவையும் அடிங்க" என்று சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இவருக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது. விட்டவை 17, தவறாக அடித்தவை 3.

மொத்த எண்ணிக்கையை விட, விட்ட எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். இவர் விட்ட 17-இல் 12 தாளின் கீழ்ப்பாதியில் இருந்தன. அதாவது தொடக்கத்தில் கவனம் நிற்கிறது, போகப் போக வடிகிறது. வரியின் வலது ஓரத்தில் மட்டும் விட்டிருந்தால், கண்ணை வரி முழுக்க ஓட்டாமல் பாதியில் இறங்குகிறார் என்று பொருள். சீக்கிரமாக முடித்து, தவறாக அடித்தவை நிறைய இருந்தால் அவசரம். ஒவ்வொன்றுக்கும் உத்தி வேறு.

நினைவுக்கு 12 சாமான் பட்டியல். பருப்பு வகை நான்கு, மசாலா நான்கு, சோப்பு வகை நான்கு. கலைத்துப்போட்டு மெதுவாகப் படியுங்கள்; நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். இருபது நிமிடம் கழித்து, படித்துக்காட்டாமல் மறுபடி கேளுங்கள். கடைசியாக அந்த 12-ஐயும் புதிதாக 12-ஐயும் கலந்து ஒவ்வொன்றாகச் சொல்லி, "இது இருந்துச்சா, இல்லையா?" என்று கேளுங்கள்.

இவர் சொன்னது முதல் முறை 4, அடுத்து 5, மறுபடி 5. இருபது நிமிடம் கழித்து 4. ஆனால் "இருந்துச்சா?" என்று கேட்டபோது 12-இல் 10-ஐச் சரியாகச் சொன்னார், புதியவற்றில் ஒன்றுக்கு மட்டும் தவறாக ஆமாம் என்றார்.

இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். உள்ளே போனது அழியவில்லை. ஐந்தில் நான்கு இருபது நிமிடம் கழித்தும் இருக்கிறது, கேட்டால் அடையாளமும் தெரிகிறது. அடுக்காமல் உள்ளே போட்டதால் தேடும்போது கைக்கு அகப்படவில்லை. துவரம் பருப்புக்குப் பின் உளுந்து, கடலை என்று அவர் சேர்த்துச் சொல்லவில்லை. காதில் விழுந்த வரிசையிலேயே தேடினார். மனச்சிதைவில் அடிக்கடி காணும் அமைப்பு இது. ஆகவே இவருக்குத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கவைப்பதால் பலன் கொஞ்சம்; வகைப்படுத்தக் கற்றுக்கொடுப்பதால் பலன் அதிகம். "இருந்துச்சா?" என்ற கேள்விக்கும் பாதிதான் சரி என்றால் கதை வேறு: உள்ளேயே போகவில்லை. அப்போது முதலில் கவனப் பயிற்சி, பட்டியலும் நான்கைந்தாகச் சுருங்க வேண்டும்.

மூன்றாவது சோதனை இலக்கைச் சார்ந்தது. மேசையில் காலி டப்பாக்களை வைத்து, ஐந்து "கஸ்டமர்"களாக நாமே மாறி மாறி நான்கு சாமான் கேட்கலாம். ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் நான்கும் சரியாக வந்தது. கடைசியில் இந்த எண் மாறியதா என்றுதான் பார்ப்போம்.

படி 3: கவனப் பயிற்சி

தாளை நீட்டி "அடிங்க" என்பது சோதனை. பயிற்சி அப்படி இல்லை. மைக்கன்பாமும் கேமரனும் 1973-இல் மனச்சிதைவு உள்ளவர்களுக்குத் தன்னோடு தானே பேசிக்கொண்டு வேலை செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வரிசை இன்றும் நன்றாக வேலை செய்கிறது.

முதலில் நாம் வாய்விட்டுச் சொல்லியபடி இரண்டு வரி செய்து காட்டுகிறோம்: "என்ன தேடுறேன்? னா. இடது பக்கத்துல ஆரம்பிக்கிறேன். விரல் வைக்கிறேன். இது ணா, வேணாம். இது னா, அடிக்கிறேன். வரி முடிஞ்சுது. எத்தனை அடிச்சேன்? நாலு." அடுத்த இரண்டு வரியில் நாம் சொல்ல அவர் செய்கிறார். பிறகு அவரே உரக்கச் சொல்லிச் செய்கிறார். பிறகு முணுமுணுப்பாக. கடைசியில் மனதுக்குள். ஒரே அமர்வில் ஐந்து நிலையும் முடிய வேண்டியதில்லை; சிலருக்கு உரக்கச் சொல்லும் நிலையிலேயே மூன்று வாரம் போகும், போகட்டும்.

இவருக்குக் கவனம் கீழ்ப்பாதியில் வடிவதால் ஒரு உத்தி சேர்த்தோம். ஐந்து வரிக்கு ஒரு கோடு. கோட்டில் பென்சிலை வைத்துவிட்டு, மூச்சு விட்டு, "இன்னும் என்ன தேடுறேன்?" என்று கேட்டுக்கொண்டு தொடர வேண்டும். நாம் திணிப்பதை விட அவர் வாயிலிருந்து வரவழைப்பது நல்லது. உரையாடல் இப்படிப் போகும்:

"தம்பி, மேல பாதி நல்லா இருக்கு. கீழ என்ன ஆச்சு?"

"தெரியல மேடம். சலிப்பாயிடுச்சு."

"எந்த வரிகிட்ட சலிப்பு வந்துச்சு?"

"ஏழு எட்டுல."

"அப்ப அதுக்கு முன்னாடியே ஏதாவது பண்ணலாமா?"

"கொஞ்சம் நிறுத்திட்டுப் பண்ணலாம்."

"எங்க நிறுத்தலாம்? நீங்களே கோடு போடுங்க."

இந்த ஐந்தாறு வரிப் பேச்சுதான் சிகிச்சை. தாள் அதற்கு ஒரு சாக்கு.

கடினத்தை எப்போது கூட்டுவது? அடுத்தடுத்து இரண்டு தாளில் 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 60-க்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். தொடக்கத்தில் இவர் 60-இல் 43, அதாவது 72 சதவீதம். தொடங்கச் சரியான இடம். கூட்டும் வரிசை: ஒரு எழுத்து, பிறகு இரண்டு எழுத்து, பிறகு "முன்னால் ர இருந்தால் மட்டும் ன" என்ற நிபந்தனை, பிறகு பின்னணியில் எஃப்.எம். ரேடியோ, கடைசியாக இடைமறிப்பு.

இந்தக் கடைசிப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். கடையில் யாரும் ஒருவரை நிம்மதியாக ஒரு வேலையை முடிக்க விடமாட்டார்கள். சாமான் எடுத்துக்கொண்டிருக்கும்போது "தம்பி, தேங்காய் என்ன விலை?" என்று இன்னொருவர் கேட்பார். எனவே தாளின் நடுவில் நாம் வேண்டுமென்றே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் விட்ட இடத்தில் விரலை ஊன்றி, பதில் சொல்லி, "இங்க நிக்கிறேன், னா தேடுறேன்" என்று தொடரக் கற்க வேண்டும். முதல் நாளே இதைச் செய்தால் எரிச்சல்தான் வரும். ரேடியோப் படியில் நிலைத்த பிறகு செய்யுங்கள்.

ஒரே தாளைத் திரும்பக் கொடுக்காதீர்கள், இடம் மனப்பாடமாகிவிடும். எழுத்தை மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு தாள் தயாராக இருக்கட்டும்.

படி 4: நினைவுப் பயிற்சி

சாமான் பெயர் எழுதிய 12 சீட்டுகளோடு தொடங்குங்கள். மேசையில் பரப்பி, "எது எதோட சேரும்?" என்று கேட்டுக் குவியல் போடச் செய்யுங்கள். அவர் பெருங்காயத்தைப் பருப்போடு வைத்தால் திருத்த வேண்டாம். "சாம்பார்ல ரெண்டும் போடுவோம்" என்று அவர் காரணம் சொன்னால் அது அவருக்கு நல்ல குவியல். பிறகு ஒவ்வொரு குவியலுக்கும் பெயர், எண்ணிக்கை: "பருப்பு அஞ்சு, மசாலா மூணு, சோப்பு நாலு." சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த அமர்வில் சீட்டில்லாமல், காதால் கேட்டே மனதுக்குள் குவியல் போட வேண்டும்.

எண்ணிக்கை மிகவும் உதவும். பருப்புக் குவியலில் ஐந்து என்று தெரிந்தால், நான்கைச் சொன்னதும் ஒன்று விட்டுப்போனது அவருக்கே தெரியும். தான் மறந்திருக்கிறோம் என்பதே தெரியாமல் நிற்பதுதான் மாமாவைக் கத்தவைத்தது.

அடுத்தது திருப்பிச் சொல்வது. கஸ்டமர் சொன்னதும், "துவரை அரைக் கிலோ, உளுந்து கால், மிளகாய்த்தூள் நூறு கிராம், சோப்பு ஒண்ணு, நாலுதானே அக்கா?" என்று கேட்பது. நல்ல கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், ஆகவே வித்தியாசமாகத் தெரியாது. நினைவை உறுதிப்படுத்துவதோடு எழுதிக்கொள்ளச் சில நொடியும் கிடைக்கும்.

பிறகு இடைவெளி. நான்கு சாமானைச் சொல்லிவிட்டு 15 நொடி கழித்துக் கேளுங்கள். சரியென்றால் 30 நொடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தவறினால் உடனே விடையைச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். "யோசிங்க, யோசிங்க" என்று நெருக்கினால் ஏதோ ஒன்றைச் சொல்லுவார். தவறாகச் சொன்னதே பதிந்துவிடும். நினைவு மிகவும் பலவீனமானவர்களிடம் இந்தத் தவறில்லா முறையை அதிகம் பயன்படுத்துங்கள். ஓரளவு நன்றாக இருப்பவர்களிடம் கொஞ்சம் போராட விட்டு, "என்ன உத்தி பயன்படும்?" என்று கேட்பது மேல். இரண்டையும் ஒரே பயிற்சியில் கலந்தால் அவருக்கு நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று புரியாது.

மனதில் வைத்தபடியே மாற்றும் பயிற்சி கடைசி. அறையின் வாசலிலிருந்து சுவர் வரை டப்பாக்களை அடுக்கி வையுங்கள். கஸ்டமர் சொன்ன வரிசையை விட்டு, வாசலுக்கு அருகில் இருப்பது முதலில் என்று மனதுக்குள் வரிசை மாற்றிச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். மூன்று சாமானில் தொடங்குங்கள். எண்களைத் தலைகீழாகச் சொல்லவைக்கும் பயிற்சியும் இதே திறனைத்தான் தொடுகிறது, ஆனால் கடையில் யாரும் எண்ணைத் தலைகீழாகக் கேட்பதில்லை.

துண்டுச் சீட்டு எழுதலாமா என்று பல தெரபிஸ்ட்டுகள் கேட்கிறார்கள், அது ஏமாற்று என்பது போல. தாராளமாக எழுதலாம். மாமாவே எழுதித்தான் கட்டுகிறார். மூளையின் திறனைக் கூட்டுவதும் அதைச் சுற்றி வழி அமைப்பதும் சேர்ந்தே போகட்டும். அறையில் சீட்டில்லாமல் பயிற்சி, கடையில் முதல் நாளிலிருந்தே சீட்டோடு வேலை என்பது என் வழக்கம்.

படி 5: ஓர் அமர்வின் அமைப்பு

வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், மூன்று மாதம் என்று வைத்தால் 24 அமர்வு வரும். வாரம் ஒரு முறைதான் வர முடியும் என்றால் வீட்டுப் பயிற்சி கட்டாயம். ஒரு நடுக்கட்ட அமர்வு இப்படி ஓடும்:

- 0–10 நிமிடம்: தூக்கம், மாத்திரை, குரல் பற்றி மூன்று கேள்வி. வீட்டுப் பயிற்சித் தாளைச் சேர்ந்து பார்ப்பது. "போன தடவை எந்த உத்தி?" என்று கேட்பது, அவர் சொல்லாவிட்டால் நோட்டைத் திறந்து பார்க்கச் சொல்வது.
- 10–25: கவனத் தாள் இரண்டு. முதலாவது நிலைத்த படியில், இரண்டாவது ஒரு படி மேலே. ஒவ்வொன்றுக்குப் பின்பும் "எப்படிச் செஞ்சீங்க?"
- 25–30: எழுந்து நடக்க, தண்ணீர் குடிக்க.
- 30–45: நினைவுப் பயிற்சி. ஒரு நாளைக்கு ஒரு உத்தி மட்டும்.
- 45–55: கடையோடு கோப்பது. டப்பாக்களை வைத்துக் கஸ்டமர் நடிப்பு, அல்லது "இதை இந்த வாரம் எங்க பயன்படுத்துவீங்க?" என்ற பேச்சு.
- 55–60: வீட்டு வேலையை அவர் கையாலேயே நோட்டில் எழுதுவது.

நேரம் குறைந்தால் பெரும்பாலோர் வெட்டுவது 45–55 பகுதியை. வெட்டுவதாக இருந்தால் ஒரு தாளை வெட்டுங்கள், அதை வெட்டாதீர்கள்.

முதல் இரண்டு அமர்வு சோதனைக்கும் இலக்குக்கும் போய்விடும். அடுத்த எட்டில் ஒவ்வொரு உத்தியாக அறிமுகம். அதன்பின் புது உத்தி வேண்டாம். இருப்பதையே கடினமான சூழலில் செய்யவைப்பது. 14-ஆம் அமர்வு வாக்கில் கடையிலேயே இறங்கலாம்.

வீட்டுக்கு வாரம் நான்கு நாள், 20 நிமிடம். பழைய செய்தித்தாளில் ஒரு பத்தியில் எழுத்து அடிப்பது, கலந்த பயறுகளைப் பிரிப்பது எல்லாம் இந்தியாவில் இத்தகைய பயிற்சிகளில் வெகுநாளாகப் புழங்குபவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் குழுவினர் முதன்முறை மனச்சிதைவு கண்டவர்களிடம் வீட்டிலேயே செய்யும் பயிற்சியைச் சோதித்து 2012-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கூட உட்காரும் அம்மாவிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: விடை சொல்ல வேண்டாம், நேரத்தை மட்டும் குறிக்கட்டும்.

படி 6: எண்ணிக்கை திடீரென விழுந்தால்

எட்டாவது அமர்வுவரை 60-இல் 50 அடித்தவர் ஒன்பதாவதில் 35 அடிக்கிறார். சோம்பல் என்றோ ஒத்துழைப்பு இல்லை என்றோ எழுதிவிடாதீர்கள். தாளைப் பாருங்கள். விட்டவை வழக்கம்போல் கீழ்ப்பாதியில் குவிந்திருந்தால் களைப்பு, தூக்கமின்மை, அல்லது படியைச் சீக்கிரம் ஏற்றிவிட்டோம். தாள் முழுவதும் சிதறியிருந்து, நடுநடுவே பென்சில் நின்று, அவர் பார்வை ஒரு பக்கமாகத் திரும்பி உதடு அசைந்தால், குரல் திரும்பியிருக்கலாம். நேராகவே கேளுங்கள்: "படிக்கும்போது வேற ஏதாவது சத்தம் கேட்டுச்சா தம்பி?" இவர் தலையாட்டினார். திருவிழாவுக்கு ஊருக்குப் போனதில் நான்கு நாள் மாத்திரை விட்டுப்போயிருக்கிறது. அன்று பயிற்சியை நிறுத்தி, அம்மாவிடம் பேசி, மருத்துவருக்குத் தகவல் சொல்வதுதான் அமர்வின் மீதி வேலை. மறுபடி தொடங்கும்போது ஒரு படி கீழே தொடங்குங்கள்.

இன்னொரு வகைச் சிக்கல் எண்ணில் தெரியாது. தாளில் 95 சதவீதம், டப்பா விளையாட்டில் இன்னும் இரண்டு சாமான்தான் என்றால், உத்தி தாளோடு நின்றுவிட்டது. அப்போது தாளை மேலும் கடினமாக்குவதில் பயனில்லை. தாளை ஒதுக்கிவிட்டு நேரத்தை டப்பாவுக்குக் கொடுங்கள்.

பேசாமல், சிரிக்காமல், "சரி மேடம்" என்று மட்டும் சொல்பவரை ஆர்வமில்லாதவர் என்று எண்ணிவிடத் தோன்றும். நோயின் உணர்ச்சி மழுங்கலும் அப்படித்தான் இருக்கும். நேரத்துக்கு வருகிறாரா, நோட்டைக் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். அவருடைய ஆர்வத்துக்கு முகத்தை விட அதுவே சான்று.

படி 7: கடைக்குப் போவது

மதியம் இரண்டு முதல் நான்கு வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் போனோம். முன்பே மாமாவிடம் அரை மணி நேரம் பேசி மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டோம்: ஒரு கஸ்டமரின் சாமான் முடியும்வரை அடுத்த வேலை சொல்லக் கூடாது, "மறந்துட்டியா?" என்பதற்குப் பதிலாக "எத்தனை சாமான் மாப்ள?" என்று கேட்க வேண்டும், கல்லாப் பெட்டி இப்போதைக்கு மாமாவிடமே இருக்கட்டும். மூன்றாவதற்கு மாமா உடனே ஒத்துக்கொண்டார், இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் நாள் தெரபிஸ்ட் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் கஸ்டமர் முன்னால் உத்தி சொல்லிக்கொடுக்கக் கூடாது. அவர் திணறினால் விரலால் எண்ணிக்கை காட்டுவது என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். கஸ்டமர் போன பிறகு, "இப்ப எப்படிப் பண்ணீங்க?" அவ்வளவே. அடுத்தடுத்த முறை கொஞ்சம் தள்ளி நின்று, பிறகு போகாமல் மாமாவிடம் போனில் கேட்பது.

படி 8: மறு அளவும் முடிவும்

24-ஆம் அமர்வில் வேறு எழுத்து, வேறு சாமான் பட்டியலோடு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பழைய பட்டியலையே கொடுத்தால் பழக்கத்தால் வந்த உயர்வை முன்னேற்றம் என்று எழுதிவிடுவோம். இவர் எழுத்துத் தாளில் விட்டது 17-இலிருந்து 7. பட்டியல் 7, 9, 9, இருபது நிமிடம் கழித்து 8. பருப்புகளைச் சேர்த்தே சொன்னார். ஐந்து கஸ்டமரில் நான்கு பேருக்கு நான்கு சாமானும் சரி. மதிய நேரத்துக் கடை ஓடுகிறது. மாலைக் கூட்டத்தில் இன்னும் திணறுகிறார், சில்லறைக் கணக்கும் மெதுவாகவே இருக்கிறது. வேகம் மாறவில்லை, இந்தப் பயிற்சியில் அதை நாம் தொடவும் இல்லை.

மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் மதிப்பெண்களை ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி இடத்தை இவற்றுக்குக் கொடுங்கள்: அவருக்குப் பலிக்கும் உத்திகள் எவை, எந்தச் சூழலில் அவை நிற்பதில்லை, மாத்திரை விட்டபோது தாளில் என்ன தெரிந்தது. அதே மூன்றையும் எளிய தமிழில் ஒரு அட்டையில் எழுதி அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். முதல் மூன்று மாதம் மாதம் ஒரு முறை வரச் சொல்லுங்கள். அந்த அமர்வில் புதுத் தாள் வேண்டாம், கடையில் அந்த மாதம் எங்கே சிக்கினார் என்பதை மட்டும் எடுத்துப் பேசினால் போதும்.